குருவிச் சத்தம் அப்பாவுக்குக் கேட்காது

"அப்பா வேணும்னே போனை எடுக்க மாட்டேங்கிறார் சார்." காது பரிசோதனைக்கு அவரை அழைத்து வந்த மகள் முதலில் சொன்னது இதைத்தான். அப்பாவுக்கு 74 வயது. எதிரில் உட்கார்ந்து பேசினால் நன்றாகவே பதில் சொல்கிறார். அப்புறம் எப்படி போன் மட்டும் கேட்காமல் போகும் என்பது மகளின் சந்தேகம்.

பெரியவரின் போனுக்கு நானே அழைத்துப் பார்த்தேன். குருவி கத்துவது போன்ற ரிங்டோன், சத்தம் முழுசாக வைத்திருந்தது. எனக்குக் காது கூசியது. மேஜையில் போன் அடித்துக்கொண்டிருக்க, அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பரிசோதனையில் காரணம் தெரிந்தது. தடித்த ஒலியான 500 ஹெர்ட்ஸ் அவருக்கு 25 டெசிபலிலேயே கேட்டது, 1000 ஹெர்ட்ஸ் 30 டெசிபலில். 2000-க்கு 50 தேவைப்பட்டது. கீச்சென்ற 4000 ஹெர்ட்ஸுக்கோ 70 டெசிபல். வயதாகும்போது உள்காதில் கீச்சொலியை வாங்கும் செல்கள்தான் முதலில் போகும். அதனால் பேச்சின் 'ஆ', 'ஓ' எல்லாம் கேட்கும், 'ஸ', 'ச' நழுவிவிடும். முகம் பார்த்துப் பேசும்போது விட்டதை ஊகித்துக்கொள்வார்கள். ரிங்டோனில் ஊகிக்க எதுவும் இல்லை.

குருவிச் சத்தத்தின் பலமெல்லாம் 3000, 4000 ஹெர்ட்ஸ் பக்கம்தான் இருக்கிறது. அந்தப் போன் ஒரு மீட்டர் தள்ளி சுமார் 70 டெசிபல் தந்தது. அடுத்த அறையில் அது 50 ஆகிவிடும். காது பரிசோதனையின் டெசிபலும் ஒலி அளக்கும் மீட்டரின் டெசிபலும் ஒரே அளவுகோல் இல்லை, ஆனாலும் கணக்கு தோராயமாகப் பொருந்தும்: 70 தேவைப்படுகிற காதுக்கு 50 இல்லாததற்குச் சமம். அதே 50 டெசிபல் 1000 ஹெர்ட்ஸில் வந்தால் அவருக்குத் தாராளமாகக் கேட்கும்.

சரி, முடிந்தவரை தடித்த ஒலியாக வைத்துவிடலாமா? அதிலும் சிக்கல் உண்டு. போனின் குட்டி ஸ்பீக்கரால் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே பலமாக ஒலிக்க முடியாது. மின்விசிறியின் இரைச்சலும் தாழ்ந்த ஒலிகளை மூடிவிடும். நான் தேடுவது 500 முதல் 1500 ஹெர்ட்ஸ் வரையிலான இடம். அதிலும் ஒரே அதிர்வெண் உள்ள ஒலியை விட, பல அதிர்வெண்கள் கலந்த ஒலி நல்லது. ஒன்று மூடிப்போனாலும் இன்னொன்று காதில் விழும். அமெரிக்காவின் NFPA 72 விதிமுறை படுக்கை அறைத் தீ எச்சரிக்கைக்கு 520 ஹெர்ட்ஸ் ஒலியைக் கோருவதும் இதே வழியில்தான். வழக்கமான கருவிகளின் 3100 ஹெர்ட்ஸ் கீச்சொலியை விட அது தூங்குகிற முதியவர்களை நன்றாக எழுப்பியது.

வீட்டில் கிடைப்பதில் எனக்குப் பிடித்தது ஹார்மோனியம். அதன் ஒரு சுரத்திலேயே பல அதிர்வெண்கள் கலந்திருக்கும். நடு ஸ்தாயியில் ஒரு சுரத்தை அரை வினாடி அழுத்தி, அரை வினாடி விட்டு, திரும்பத் திரும்பப் பதிவு செய்தால் போதும். விட்டுவிட்டு வரும் ஒலியை விசிறி இரைச்சலிலிருந்து பிரித்தறிவது எளிது. மெல்லத் தொடங்கும் பாட்டு வேண்டாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2019-இல் நிர்ணயித்தபடி, யாரும் எடுக்காவிட்டால் மொபைல் 30 வினாடிதான் அடிக்கும். முதல் பத்து வினாடி முன்னிசையில் போனால், மூட்டு வலியோடு எழுந்து வருகிறவருக்கு மிச்சம் என்ன இருக்கும்? சத்தத்தைப் படிப்படியாகக் கூட்டும் வசதி போனில் இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள்.

சத்தத்தை எடுத்த எடுப்பிலேயே உச்சத்தில் வைக்க வேண்டாம். இப்படிப்பட்ட காதுகளில் 'கேட்கவில்லை' என்பதற்கும் 'தாங்கவில்லை' என்பதற்கும் நடுவே இடைவெளி குறைவு. சின்ன ஸ்பீக்கர் உச்சத்தில் கரகரக்கவும் செய்யும். கைக்கெட்டும் தூரத்தில் போனை வைத்து அழையுங்கள். அவர் திடுக்கிட்டாலோ முகம் சுளித்தாலோ ஒரு படி குறையுங்கள். கூட்டிக் குறைக்க வேண்டியது Ring volume. பலர் Media volume-ஐக் கூட்டிவிட்டு ஏமாந்து போகிறார்கள்.

அந்த வீட்டில் ஹார்மோனியம் ஒலியை வைத்துவிட்டு, ஒரு நாள் முழுக்கச் சொல்லாமல் ஐந்து முறை அழைக்கச் சொன்னேன். நான்கை எடுத்துவிட்டார். தவறியது மதியத் தூக்கத்தின்போது வந்தது. போன் தலையணைக்கு அடியில், ஸ்பீக்கர் துளை மெத்தைக்குள் புதைந்து கிடந்ததாம். அதற்கு ரிங்டோனை மாற்றவில்லை. கட்டிலோரம் ஒரு ஸ்டூலைப் போட்டு, அதன் மேல் எவர்சில்வர் தட்டில் போனை வைக்கச் சொன்னேன். அதிர்வில் தட்டும் சேர்ந்து கடகடக்கும்.

500 ஹெர்ட்ஸுக்கே 60 டெசிபல் தேவைப்படுகிறவர்களுக்கு ரிங்டோனை மட்டும் மாற்றிப் பயனில்லை. அவர்களுக்கு மணிக்கட்டில் அதிரும் வாட்சோ, போன் ஒலியை நேராக வாங்கும் காதுக்கருவியோ வேண்டும். ஒரு காது மட்டும் திடீரென்று மந்தமானால் இந்த வேலையெல்லாம் அப்புறம், அன்றே காது மருத்துவரிடம் காட்டுங்கள்.