ஸ்லிப்பில் 3,000, ஸ்டேட்மென்ட்டில் 3,035.40: பங்க்கில் தேய்த்த கார்டுக்கு என்ன ஆகிறது?

கிருஷ்ணகிரியில் ஒரு வங்கிக் கிளையில் கார்டு புகார்களைப் பார்க்கிற மேஜை என்னுடையது. கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட் போகிற வாரத்தில் பெட்ரோல் பங்க் மேல் ஒரு புகாராவது வராமல் இருக்காது. ராயக்கோட்டையிலிருந்து சென்னைக்குத் தக்காளி லோடு அனுப்புகிற வியாபாரி ஒருவர் சமீபத்தில் வந்தார். நெடுஞ்சாலை பங்க்கில் பிக்கப் வண்டிக்கு 3,000 ரூபாய்க்கு டீசல் போட்டிருக்கிறார். அன்றைக்கு ஆப்பில் 'பென்டிங்' என்று 3,000 காட்டியது. இரண்டு நாள் கழித்து அதே வரி 3,035.40 ஆகிவிட்டது.

"பங்க்காரன் 35 ரூபாய் அடிச்சுட்டான் சார். ஸ்லிப் கையில இருக்கு, பாருங்க" என்று மடித்து வைத்திருந்த சீட்டை நீட்டினார். சீட்டில் 3,000தான் இருந்தது. பங்க்காரருக்குப் போய்ச் சேர்ந்ததும் அதே 3,000தான்.

கார்டைத் தேய்த்ததும் பணம் போய்விடுகிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அந்த நிமிடத்தில் நடப்பது ஒரு கேள்வியும் பதிலும் மட்டுமே. பங்க்கில் உள்ள ஸ்வைப் மெஷின் ஒரு வங்கி கொடுத்தது. அந்த வங்கி, விசா, மாஸ்டர்கார்டு, ரூபே என ஏதோ ஒரு வலைப்பின்னல் வழியாக, கார்டு கொடுத்த வங்கியிடம் "இவருக்கு 3,000 தரலாமா?" என்று கேட்கும். கார்டு வங்கி சரி என்று சொல்லி, ஒப்புதல் எண் ஒன்றைக் கொடுத்து, உங்கள் லிமிட்டிலிருந்து 3,000ஐ ஒதுக்கி வைக்கும். பென்டிங் என்று தெரிவது இந்த ஒதுக்கல்தான்.

அன்றைய கணக்கை முடிக்கும்போது மெஷினில் சேர்ந்த பில்களெல்லாம் மொத்தமாக மெஷின் வங்கிக்குப் போகும். அங்கிருந்து கார்டு வங்கிக்கு வரும். ஒன்றிரண்டு நாள் ஆகும், நடுவில் விடுமுறை வந்தால் இன்னும் கொஞ்சம் இழுக்கும். இப்படி இரண்டாவதாக வருகிற தொகைதான் கணக்கில் ஏறும், முன்பு ஒதுக்கி வைத்தது கலைந்துவிடும். முதலில் கேட்டதும் கடைசியில் வந்ததும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

எரிபொருள் பில்லில் மெஷின் வங்கி பொதுவாக 1 சதவீதம் சர்சார்ஜ், அதாவது கூடுதல் கட்டணம், சேர்க்கிறது. அந்த சர்சார்ஜுக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. 3,000க்கு 30 ரூபாய், அதற்கு வரி 5.40, ஆக 35.40. இது கணக்கு முடிக்கும்போது சேர்வதால் சீட்டில் வராது. மற்ற கடைகளில் கார்டுக்கான கட்டணத்தைக் கடைக்காரரே ஏற்கிறார். பங்க்காரருக்கு லிட்டருக்கு இவ்வளவு என்று கமிஷன் மட்டும்தான். 2017 ஜனவரியில் அந்தக் கட்டணத்தை பங்க் உரிமையாளர்கள் தலையில் வைக்க வங்கிகள் பார்த்தன. உடனே, கார்டே வாங்க மாட்டோம் என்று அவர்கள் அறிவித்தார்கள், அதோடு அந்த யோசனை நின்றது. அவர்கள் மேல் கோபப்படுவதில் அர்த்தமில்லை என்றுதான் நான் சொல்வேன்.

அதற்காக, வித்தியாசம் எது வந்தாலும் சர்சார்ஜ் என்று விட்டுவிடவும் கூடாது. சரிபார்க்க எளிய வழி இருக்கிறது. சீட்டுத் தொகையை 1.18 சதவீதத்தால் பெருக்குங்கள். 2,000க்கு 23.60, 4,000க்கு 47.20. அந்த எண் சில பைசா முன்பின்னாக வந்தால் சர்சார்ஜ்தான். சில கார்டுகளில் சர்சார்ஜ் குறைந்தது 10 ரூபாய் என்று இருப்பதால், சின்னத் தொகைக்கு மட்டும் வரியோடு 11.80 வரலாம். இந்த இரண்டுக்கும் ஒத்துவராவிட்டால் சீட்டோடு வங்கிக்கு வாருங்கள். அந்தச் சீட்டு வண்டி டேஷ்போர்டில் வெயில் பட்டுக் கிடந்தால் சீக்கிரமே வெள்ளைத் தாளாகிவிடும், அன்றைக்கே போட்டோ எடுத்துவிடுங்கள். ஒப்புதல் எண்ணும் மெஷின் எண்ணும் அதில்தான் இருக்கின்றன.

அந்த வியாபாரியின் கணக்கில் 30 ரூபாய் பிறகு திரும்ப வந்தது. இந்தத் தள்ளுபடி ஃப்யூயல் சர்சார்ஜ் வெய்வர் என்று தனி வரியாக, பில் ஏறிச் சில நாள் கழித்தோ அடுத்த ஸ்டேட்மென்ட்டிலோ வரும். வரி 5.40 பெரும்பாலும் திரும்பாது. வெய்வருக்கு நிபந்தனைகள் உண்டு. பல கார்டுகளில் ஒரு தடவை போடும் தொகை குறைந்தது 400 அல்லது 500, அதிகபட்சம் 4,000 அல்லது 5,000 என்று இருக்கும். மாதத்துக்கு இவ்வளவுதான் திரும்பும் என்ற உச்சவரம்பும் இருக்கும். அவருடைய லாரிக்கு ஒரே தடவையில் 7,500க்கு டீசல் போட்டு, 88.50 முழுதாகப் போயிருந்தது. அந்தக் கார்டில் மேல்வரம்பு 5,000. இரண்டு தடவை நிரப்பி, தனித்தனியாகத் தேய்த்திருந்தால் 75 ரூபாய் திரும்பியிருக்கும்.

இன்னொன்றும் கேட்டார்: அதே பங்க்கில் இன்னொரு நாள் போட்டது மட்டும் ஏன் சீட்டில் உள்ளபடியே ஏறியிருக்கிறது? அந்த பங்க்கில் இரண்டு வங்கிகளின் மெஷின்கள் இருக்கின்றன. சில வங்கிகள் தங்கள் மெஷினில் தங்கள் கார்டையே தேய்த்தால் சர்சார்ஜ் போடுவதில்லை. அன்றைக்குக் கைக்கு வந்தது அந்த மெஷின்.

நம் ஊரில் நிரப்பிய பிறகுதான் கார்டைக் கேட்கிறார்கள், அதனால் வித்தியாசம் இந்த அளவோடு நிற்கிறது. அமெரிக்காவில் கதை வேறு. தர்மபுரியிலிருந்து ஓர் அப்பா, அங்கே படிக்கிற மகனுக்காக ஃபோன் செய்தார். முன்கூட்டியே டாலர் ஏற்றி வைக்கிற ஃபாரெக்ஸ் கார்டு மகனுடையது, அதில் 210 டாலர் இருந்திருக்கிறது. பங்க்கில் போட்டது 32 டாலருக்கு. ஆப்பில் 175 டாலர் பென்டிங். சாயங்காலம் மளிகைக் கடையில் 50 டாலர் பில்லுக்குக் கார்டு வேலை செய்யவில்லை.

அங்கே பெரும்பாலான பங்க்குகளில் ஆள் நின்று நிரப்புவதில்லை. நாமே முதலில் கார்டைச் செருக வேண்டும், அப்புறம்தான் பம்ப் திறக்கும். எவ்வளவு நிரப்புவோம் என்று அந்த நேரத்தில் பம்புக்குத் தெரியாது. அதனால் ஒரு பெரிய தொகையை ஒதுக்கச் சொல்கிறது. விசாவும் மாஸ்டர்கார்டும் 2022இல் அந்த ஒதுக்கலின் உச்சவரம்பை 125 டாலரிலிருந்து 175 ஆக உயர்த்தின. சில இடங்களில் வெறும் 1 டாலர் மட்டும் பென்டிங் காட்டும். கார்டு உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பதற்கு அது. எப்படியானாலும் கடைசியில் ஏறுவது நிரப்பிய 32 டாலர்தான். மீதி சில மணி நேரத்திலும் விடுபடலாம், சில நாளும் ஆகலாம். கிரெடிட் கார்டில் இது பெரிதாக உறைக்காது. கையிருப்பு மட்டுமே உள்ள ஃபாரெக்ஸ் கார்டில்தான் பையன் மளிகைக் கடையில் திண்டாடுகிறான்.

பம்பில் கார்டைச் செருகாமல், உள்ளே கவுன்டருக்குப் போய் பம்ப் எண்ணைச் சொல்லி, 30 டாலருக்கு என்று கேட்டு முன்னதாகவே கட்டச் சொல்லுங்கள் என்றேன். தொகை முன்பே தெரிந்துவிடுவதால் 175ஐப் பிடித்து வைக்க வேண்டியதில்லை. ரூபாய்க் கணக்குக் கார்டை அங்கே பயன்படுத்துகிறவர்களுக்கு இன்னொரு வித்தியாசமும் வரலாம். பென்டிங்கில் தெரிவது தேய்த்த நாளின் டாலர் மதிப்பு, ஏறுவது பில் வந்த நாளின் மதிப்பு.

பென்டிங்கில் நிற்கும்போதே "தகராறு பதிவு செய்யுங்கள்" என்று அந்த அப்பா கேட்டார். கணக்கில் ஏறாத தொகைக்குப் பொதுவாக அப்படிப் பதிவு செய்ய முடியாது, மறுக்க அங்கே இன்னும் பில்லே வரவில்லை. ஏறிய பிறகும் 175 என்றே நின்றால், பம்ப் ரசீதோடு வரச் சொல்லியிருக்கிறேன்.