ஆர்சி போட்டோ கேட்டா நம்பரும் பேரும் மட்டும் தெரியுற மாதிரி அனுப்புங்க

பழைய வண்டிய விக்க ஆன்லைன்ல விளம்பரம் போட்டா, விலை கேக்குறதுக்கு முன்னாடியே வர்ற மெசேஜ் "ஆர்சி போட்டோ அனுப்புங்க சார்". அபார்ட்மெண்ட் பார்க்கிங் ஸ்டிக்கருக்கும் அதான் கேக்குறாங்க, ஆபீஸ் கேட் பாஸுக்கும் அதான். நாமளும் முன்பக்கம் பின்பக்கம் ரெண்டையும் பளிச்சுனு எடுத்து அனுப்பிடுறோம். மதுரைல தெரிஞ்சவர் ஒருத்தர் இப்படித்தான் ஸ்கூட்டர் விக்க முழு ஆர்சியையும் வாட்ஸ்அப்ல அனுப்பினாரு, வாங்குறேன்னு சொன்ன ஆளு காணாம போயிட்டான், கொஞ்ச நாள்ல அதே ஆர்சி போட்டோவ வச்சு பாதி விலைக்கு இன்னொரு விளம்பரம், அட்வான்ஸ் கட்டி ஏமாந்தவங்க ஆர்சில இருந்த அட்ரஸப் பாத்து நேரா இவர் வீட்டு வாசலுக்கே வந்துட்டாங்க. இவரு ஸ்டேஷனுக்கும் வீட்டுக்கும் அலைஞ்சாரு.

சட்டத்துல இது எங்க வருதுன்னு சுருக்கமா சொல்லிடுறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 2(30) படி யார் பேர்ல ரிஜிஸ்டர் ஆகியிருக்கோ அவர்தான் ஓனர். வண்டிய வித்துட்டேன், காசு வாங்கிட்டேன்னு சொன்னாலும், ஆர்சில பேர் மாறாத வரைக்கும் விபத்து நஷ்டஈடு பழைய ஓனர் தலையிலதான்னு சுப்ரீம் கோர்ட்டே 2018ல சொல்லிடுச்சு. அதனால ஆர்சில மத்தவங்க பாக்க வேண்டியது உண்மையில ரெண்டே விஷயம்தான், வண்டி நம்பர், ஓனர் பேரு.

இந்த ரெண்டையும் படிக்கிறதுலயே ஆளுங்க தப்பு பண்றாங்க. கார்டுல ஓனர் பேருக்குக் கீழயே அப்பா அல்லது கணவர் பேரு இருக்கும், நம்ம ஊர்ல இனிஷியல் விரிச்சு எழுதுறதால ரெண்டும் ஒண்ணு மாதிரியே தெரியும், அவசரத்துல கீழ் வரிய எடுத்து ஃபார்ம்ல எழுதிடுவாங்க. அப்புறம் இன்சூரன்ஸ்ல ஒரு பேரு, ஆர்சில ஒரு பேருன்னு கவுண்டர் கவுண்டரா அலைய வேண்டியதுதான். நம்பர்லயும் கார்டு மேல லைட் அடிச்சா 8 B ஆகும், 0 D ஆகும். ஃபிளாஷ் போடாம ஜன்னல் பக்கம் பகல் வெளிச்சத்துல எடுங்க. படிச்ச நம்பர் சரியான்னு எம்பரிவாகன் ஆப்ல போட்டுப் பாருங்க, பேரு முழுசா வராது, சில எழுத்தும் நடுநடுவுல நட்சத்திரமுமா வரும், போட்டோல இருக்கிற பேரோட அது எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகுதான்னு பாத்தா போதும். கவர்மெண்டே ஓனர் பேர மறைச்சுத்தான் காட்டுது, ஆனா அபார்ட்மெண்ட் செக்ரட்டரிக்கு மட்டும் எல்லாமே தெரியணுமாம்.

இப்ப எதை மறைக்கணும்கிற விஷயத்துக்கு வருவோம், நெறைய பேர் மாட்டுறது இங்கதான். ஆதார்ல கடைசி நாலு நம்பர விட்டுட்டு மீதிய மறைப்போம்ல, அந்தப் பழக்கத்துல சேஸிஸ் நம்பர்லயும் முன்னாடிய மறைச்சுட்டு கடைசிய விட்டுடுறாங்க. இது அப்படியே தலைகீழ். சேஸிஸ் நம்பர் மொத்தம் 17 எழுத்து, டிவிஎஸ் வண்டின்னா MD6ன்னு ஆரம்பிக்கும், முன்பாதி கம்பெனி, மாடலச் சொல்றது, ஒரே மாடல் வண்டிகளுக்கு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும், அதை மறைச்சு பிரயோஜனமே இல்ல. பரிவாகன் சைட்ல ஆன்லைன் வேலைக்குள்ள போக வண்டி நம்பரோட கேக்குறது சேஸிஸோட கடைசி 5 எழுத்து. ஈ-சலான் பாக்குற இடத்துலயும் சேஸிஸ் இல்லன்னா இன்ஜின் நம்பரோட கடைசி 5தான். ஓடிபி வருமேன்னு கேப்பீங்க, வரும், ஆனா பழைய வண்டிகள்ல டீலர் நம்பரோ புரோக்கர் நம்பரோதான் பதிவாகியிருக்கும், சிலதுல நம்பரே இருக்காது. அந்த மொபைல் நம்பர மாத்துற பக்கம் கேக்குறது என்னன்னா சேஸிஸ், இன்ஜின் நம்பர், ரிஜிஸ்ட்ரேஷன் தேதி, வேலிடிட்டி, அதாவது எல்லாமே நீங்க அனுப்பின அந்தப் போட்டோல இருக்கிறது.

அதனால சேஸிஸ், இன்ஜின் ரெண்டையும் முழுசா மறைங்க, அரைகுறையா வேணாம். அட்ரஸ், அப்பா பேரு, தேதிங்களையும் மறைங்க. புது கார்டுகள்ல கியூஆர் கோட் இருக்கும், எழுத்தையெல்லாம் மறைச்சுட்டு இதை மட்டும் விட்டுட்டா பூட்டுன கதவுலயே சாவிய தொங்கவிட்ட மாதிரி.

மறைக்கிறதுக்கு ஆப்பெல்லாம் தேடாதீங்க. பேப்பர கிழிச்சு கார்டு மேல ஒட்டிட்டு போட்டோ எடுங்க, அந்தப் போட்டோல இல்லாததை யாராலயும் எடுக்க முடியாது. ஏற்கனவே எடுத்த போட்டோன்னா போன் எடிட்டர்ல இருக்கிற ஹைலைட்டர் பேனா வேண்டவே வேண்டாம், நமக்கு கருப்பா தெரியும் ஆனா வெளிச்சத்தக் கூட்டினா அடியில இருக்கிற எழுத்து எட்டிப் பாக்கும், பிளரும் நம்பிக்கை இல்ல. கெட்டி கலர் கட்டம் போட்டு, அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அந்த ஸ்கிரீன்ஷாட்டத்தான் அனுப்பணும். டிஜிலாக்கர்ல இருந்து வர்ற பிடிஎஃப் மேல கருப்பு கட்டம் போட்டு அனுப்புறவங்களும் உண்டு, அதுல கட்டம் மேல ஒட்டியிருக்கு அவ்வளவுதான், அடியில எழுத்து அப்படியே இருக்கு, காப்பி பண்ணி நோட்ல ஒட்டினா வந்துடும். அனுப்புறதுக்கு முன்னாடி வெளிச்சத்த முழுசா ஏத்தி ஒருதரம் பாத்துடுங்க. காலி இடத்துல "பார்க்கிங் ஸ்டிக்கருக்கு மட்டும்"னு தேதியோட எழுதிட்டா இன்னும் நல்லது, அதே போட்டோவ வேற இடத்துல காட்ட கூச்சப்படுவான்.

வாங்குறவர் சலான் பாக்கி இருக்கான்னு பாக்கணும்னு கடைசி 5 கேப்பாரு, நியாயமான கேள்விதான். போட்டோல குடுக்காதீங்க, வண்டி பாக்க நேர்ல வரட்டும், உங்க போன்லயே சலான் பக்கத்த திறந்து காட்டுங்க, சேஸிஸ்ல அடிச்சிருக்கிற நம்பரையும் ஒரிஜினல் கார்டையும் அவரே ஒப்பிட்டுப் பாக்கட்டும். அதே மாதிரி நீங்க வண்டி வாங்கப் போகும்போது, நேர்ல வராம, மிலிட்டரில இருக்கேன் டிரான்ஸ்ஃபர் ஆயிடுச்சு, வண்டிய பார்சல்ல அனுப்புறேன்னு ஆர்சி போட்டோவ மட்டும் காட்டி அட்வான்ஸ் கேக்குறவன்கிட்ட இருக்கிறது இன்னொருத்தரோட ஆர்சின்னே வச்சுக்கோங்க.

மறைச்ச காப்பி செல்லாத இடமும் இருக்கு. பேர் மாத்த ஆர்டிஓ ஆபீஸ், இன்சூரன்ஸ் கிளைம், லோன் இங்கெல்லாம் முழுசா குடுத்துத்தான் ஆகணும், மறைச்சு கொண்டு போனா திருப்பி அனுப்பி இன்னொரு நாள் வரச் சொல்லுவாங்க. ஆனா அதை புரோக்கர் வாட்ஸ்அப்புக்கு அனுப்பணும்னு எந்த விதியும் இல்ல. பிரவுசிங் சென்டர்ல அப்லோட் பண்ணினா டவுன்லோட்ஸ் ஃபோல்டர்ல இருக்கிற ஃபைல அழிச்சு, ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ணி, வாட்ஸ்அப் வெப்ப லாக்அவுட் பண்ணிட்டு எந்திரிங்க, கடைக்காரர் முறைச்சா முறைக்கட்டும். வண்டிய வித்துட்டேன்னு ஆர்டிஓவுக்குத் தெரிவிக்கிற படிவம் 29 குடுக்க ஒரே மாநிலத்துக்குள்ளன்னா 14 நாள்தான் டைம், வெத்துப் படிவத்துல கையெழுத்து போட்டு குடுத்துட்டு "அவர் பாத்துப்பாரு"ன்னு வீட்டுக்கு வந்துடாதீங்க.

ரோட்ல போலீஸ் நிறுத்தினா கேலரில இருக்கிற ஆர்சி போட்டோ எதுக்கும் உதவாது, மறைச்சதும் சரி மறைக்காததும் சரி. ஒரிஜினல் கார்டு, இல்லன்னா டிஜிலாக்கர் அல்லது எம்பரிவாகன்ல திறந்து காட்டுறது செல்லும், மோட்டார் வாகன விதி 139லயே மின்னணு வடிவத்துல காட்டலாம்னு இருக்கு. இல்ல ஒரிஜினல்தான் வேணும்னு பிடிவாதம் பிடிச்சா அந்த விதி நம்பரச் சொல்லுங்க.