இரவுப் பேருந்துச் சுற்றுலாவுக்கு வர இயலாது என்று எழுதும்போது: வலிப்பு மருந்து எடுக்கும் மாணவர்களுக்கும் பெற்றோருக்கும்

கல்லூரிகளில் கல்விச் சுற்றுலா அறிவிக்கப்படும் மாதங்களில், வண்ணாரப்பேட்டையில் வலிப்பு நோய்க்குச் சிகிச்சை அளிக்கும் என்னிடம் வரும் மாணவர்கள் மருந்துச் சீட்டோடு ஒரு கடிதத்தையும் கொண்டுவருகிறார்கள். சுற்றுலாவுக்கு வர இயலாது என்று வகுப்புத் தலைவருக்கோ பேராசிரியருக்கோ எழுதிய கடிதம் அது. பெரும்பாலும் அதில் கடுமையான காய்ச்சல் என்றோ வயிற்றுவலி என்றோ காரணம் எழுதியிருக்கும். வலிப்பு என்ற சொல் எங்கும் இருக்காது. அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் கடிதம் மாணவரைக் காப்பாற்றாது என்பதைப் பெற்றோர் அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

சுற்றுலாவுக்குப் பத்து நாள் இருக்கும்போதே எழுதப்படும் கடிதத்தில் காய்ச்சல் என்று சொன்னால், படிப்பவர் மனத்தில் முதலில் தோன்றுவது, அதற்குள் சரியாகிவிடுமே என்பதுதான். பத்து நாளில் தீரக்கூடிய காரணத்தைச் சொல்லிவிட்டால், அது தீர்ந்தபின் வந்தே ஆக வேண்டிய நிலையை மாணவர் தாமே உண்டாக்கிக்கொள்கிறார்.

காசிமேட்டைச் சேர்ந்த ஒரு மாணவிக்கு நேர்ந்தது இதுவே. அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். தாவரவியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் அவருக்குப் பதினாறு வயதில் வளரிளம் பருவத்துத் துள்ளல் வலிப்பு இருப்பது தெரியவந்தது. இந்த வகை வலிப்பில், விழித்தெழுந்த சிறிது நேரத்தில் கைகள் தாமாக ஒருமுறை துள்ளும். பல் துலக்கும்போது பிரஷ் கையைவிட்டுப் பறக்கும். டீ டம்ளர் தெறித்துச் சுவரெல்லாம் டீயாகும். கவனமில்லாத பெண் என்று வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டே ஓராண்டு கழித்த பிறகுதான், ஒரு காலையில் முழு வலிப்பு வந்து அவரை மருத்துவரிடம் அழைத்து வந்தார்கள். இப்போது காலையிலும் இரவிலும் லெவெடிரசெட்டம் மாத்திரை எடுத்துக்கொள்கிறார். ஓராண்டுக்கும் மேலாக வலிப்பு இல்லை.

அவருடைய வகுப்புக்கு அறிவிக்கப்பட்டது ஏற்காடு பயணம். வெள்ளிக்கிழமை இரவு 10 மணிக்குக் கல்லூரி வாசலிலிருந்து பேருந்து புறப்படும்; விடிகாலையில் சேலம் தாண்டி மலையேறி, இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டத்தைப் பார்த்து, செடிகளைச் சேகரித்து, ஞாயிறு இரவு மீண்டும் பேருந்திலேயே திரும்புவதாகத் திட்டம். சேகரித்த செடிகளை உலர்த்தி ஒட்டிய தாள்களுக்கும் சுற்றுலா அறிக்கைக்கும் மதிப்பெண் உண்டு.

வலிப்பு உள்ளவர்கள் வெளியூர் போகக்கூடாது என்று நான் சொல்வதே இல்லை. இந்தப் பயணத்தில் ஆபத்தானது ஊருமல்ல, மலையுமல்ல, தூக்கமில்லாத இரவு. துள்ளல் வலிப்பு உள்ளவர்களுக்கு வலிப்பைத் தூண்டுவதில் தூக்கக் குறைவும் விட்டுப்போன மாத்திரையும் முன்னால் நிற்கின்றன. ஓடும் பேருந்தில் பாட்டும் பேச்சுமாக விழித்திருந்து, மூன்று மணிக்குக் கண்ணயர்ந்து, ஐந்தரை மணிக்குத் தேநீர்க் கடையில் எழுப்பப்படும் ஒருவருக்கு, வலிப்பு வருவதற்கு ஏற்ற நேரம் சரியாக அந்த முதல் ஒரு மணி நேரமே. காலை மாத்திரையை, காலை உணவுக்குப் பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிவைப்பார்கள். அதற்குள் ஏற்காட்டு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகள் வந்துவிடும். மாத்திரை விழுங்கிய அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால், மருந்து உடலில் சேர்ந்ததா இல்லையா என்பதை உறுதியாகச் சொல்ல முடியாது. இரண்டு இரவுகளும் இப்படியே கழிந்தால், திங்கட்கிழமைக் காலையில் குளியலறையில் விழுவதற்கும் வாய்ப்பு உண்டு. ஆகவே அவர் போக வேண்டாம் என்று நானும் சொன்னேன்.

அதற்கு முன்பே அவர் வகுப்புத் தலைவருக்கு எழுதிக் கொடுத்திருந்த கடிதம் இது: “எனக்குக் கடுமையான காய்ச்சல் இருப்பதால் சுற்றுலாவில் கலந்துகொள்ள இயலாது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.” வகுப்புத் தலைவர் அதைப் படமெடுத்து வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். அவரிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. பெயர்ப் பட்டியலை முடிக்க வேண்டும், அவ்வளவே. தோழிகள் அன்பினாலேயே வற்புறுத்தினார்கள்: ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு வந்துவிடு, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். ஒரு வாரத்தில், இவ்வளவு பேர் கூப்பிடுகிறார்களே, அனுப்பிவிடலாமா டாக்டர் என்று அவருடைய அம்மாவே என்னிடம் வந்து நின்றார். அப்படி அவர் போயிருந்து, விடிகாலையில் பேருந்துக்குள் வலிப்பு வந்திருந்தால், அவருக்கு வலிப்பு நோய் இருப்பது அந்தப் பேருந்தில் ஒருவருக்குக்கூடத் தெரிந்திருக்காது.

நான் சொன்னது, கடிதத்தை இரண்டாகப் பிரியுங்கள் என்பதே. வகுப்புத் தலைவர் ஒரு மாணவர். அவருக்குப் பெயர்ப் பட்டியல் தேவை, நோய் விவரம் தேவையில்லை. அவர் கையில் கொடுக்கும் காகிதம் நாலு பேர் பார்க்கும் காகிதம் என்று எண்ணியே எழுத வேண்டும். புதிதாக எழுதியது இவ்வளவுதான்: “ஏற்காடு சுற்றுலாவில் என்னால் கலந்துகொள்ள இயலாது. காரணத்தைப் பொறுப்பாசிரியருக்குத் தனியே தெரிவித்துவிட்டேன். என் பெயரைப் பட்டியலில் சேர்க்க வேண்டாம்.” இதில் பொய் இல்லை; தோழிகள் தீர்த்துவைக்க முயலும்படியான காரணமும் இல்லை.

பொறுப்பாசிரியருக்கான கடிதம் உறையில் வைத்து ஒட்டி, நேரில் கொடுக்கப்பட்டது. அதை மாணவியே எழுதினார். ஒரு சொல்லை மட்டும் நான் மாற்றச் சொன்னேன். “சுற்றுலாக்களில் கலந்துகொள்ள இயலாது” என்று பன்மையில் இருந்ததை “இந்தச் சுற்றுலாவில்” என்று திருத்தினோம். பன்மையில் எழுதிக் கொடுத்துவிட்டால், மூன்றாம் ஆண்டு முடியும்வரை எந்தப் பயணத்துக்கும் அவரைக் கூப்பிடமாட்டார்கள். கடிதம் இப்படி அமைந்தது:

“மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு வணக்கம். வலிப்பு நோய்க்காக நான் மருந்து எடுத்துக்கொண்டு நலமாக இருக்கிறேன். இரவுத் தூக்கம் கெட்டால் மறுநாள் காலை எனக்கு வலிப்பு வரக்கூடும் என்பதால், இரவுப் பேருந்தில் செல்லும் இந்தச் சுற்றுலாவில் கலந்துகொள்ள இயலவில்லை. பகலில் சென்று பகலில் திரும்பும் களப்பயணங்களில் கலந்துகொள்ள மருத்துவர் தடை சொல்லவில்லை. செடி சேகரிப்புக்கும் அறிக்கைக்கும் உரிய மதிப்பெண்ணுக்கு மாற்றாக, சென்னையிலோ அருகிலோ ஒரு களப்பணியைத் தந்து உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன். இந்த விவரம் தங்களோடு இருக்கட்டும் என்றும் வேண்டுகிறேன். மருத்துவர் குறிப்பை இணைத்துள்ளேன்.”

மாற்றுப் பணியை மாணவரே கேட்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. விடுப்பு மட்டும் கேட்கும் கடிதத்துக்குச் சரி என்ற ஒரு சொல்லே பதிலாகக் கிடைக்கும். மதிப்பெண் குறைந்தது பருவத் தேர்வின்போதுதான் தெரியவரும். இந்த மாணவிக்குப் பேராசிரியர் எண்ணூர்க் கழிமுகத்து அலையாத்திச் செடிகளைப் பற்றிய அறிக்கையைத் தந்தார். அது அவர் வீட்டிலிருந்து ஒரு பகலில் போய்வரக்கூடிய இடம். சேற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும் மூச்சுவேர்களை வரைந்து, அளந்து எழுதினார்.

மருத்துவர் குறிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். நோயின் பெயரைச் சொல்லவே மனமில்லாத மாணவருக்கு, “இவர் என் சிகிச்சையில் உள்ளார், மருத்துவக் காரணங்களால் இரவுப் பயணத்தையும் தூக்கக் குறைவையும் தவிர்க்க வேண்டும்” என்று மட்டும் எழுதித் தருகிறேன். வராமல் இருப்பதற்கு அது போதும். ஆனால் பயணம் போகிற நாளில் அது போதாது. உடன் வரும் ஆசிரியருக்கு வலிப்பு என்பது தெரிந்திருக்க வேண்டும். பணம் கட்ட முடியாத காரணத்துக்காகக் காய்ச்சல் என்று சான்று கேட்டு வருபவர்களும் உண்டு. அந்தச் சான்றை நான் தருவதில்லை. குடும்பச் சூழ்நிலை என்று எழுதினால் போதும்; அதற்கு மேல் விளக்கம் எழுத வேண்டிய கடமை மாணவருக்கு இல்லை. அப்பாவுக்கு டயாலிசிஸ் நாள், தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்பவையும் அந்த இரு சொற்களுக்குள் அடங்கும். அவற்றை நோயாக மாற்றி எழுதினால், அடுத்த ஆண்டு அந்தப் பொய்யான நோய் கல்லூரிக் கோப்பில் இருக்கும்.

மாணவியின் அம்மா கடைசிவரை தயங்கியது கல்யாணத்தை நினைத்தே. பெண்ணுக்கு வலிப்பு என்று ஒரு காகிதத்தில் இருந்துவிட்டால் நாளைக்கு யார் கட்டிக்கொள்வார்கள் என்று கேட்டார். அந்த அச்சத்துக்கு ஒரு காலத்தில் சட்டமே துணை நின்றது: இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பு ஒரு தடையாகக் குறிப்பிடப்பட்டிருந்தது, 1999-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அது நீக்கப்பட்டது. அதை அவரிடம் சொன்னேன். அதைவிட, கடிதம் ஒரே ஒருவர் கையில் ஒட்டிய உறையில் போகிறது என்பதே அவருக்கு ஆறுதலாக இருந்தது.

அதே பேராசிரியர் அடுத்த பருவத்தில் பழவேற்காடு ஏரிக்குப் பகல் பயணம் அறிவித்தபோது, மாணவி வருகிறேன் என்று எழுதினார். அந்தக் கடிதத்தோடு ஆசிரியருக்காக நான் ஒரு பக்கக் குறிப்பு கொடுத்தேன். வலிப்பு வந்தால் நேரத்தைக் கடிகாரத்தில் பார்க்க வேண்டும். கையையோ காலையோ அழுத்திப் பிடிக்கக்கூடாது. தலைக்கடியில் துப்பட்டாவை மடித்து வைத்து, துள்ளல் அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். சாவிக்கொத்து, இரும்பு எதையும் கையில் திணிக்கக்கூடாது. வாயில் தண்ணீரோ விரலோ வைக்கக்கூடாது. ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, நினைவு திரும்பும் முன்பே மறுபடி வந்தாலோ, வலிப்பு வந்தது தண்ணீரில் என்றாலோ 108-ஐ அழைக்க வேண்டும். படகில் ஏறினால் உயிர்காப்பு உடுப்பு இல்லாமல் ஏறக்கூடாது என்றும், கரையோரத்தில் தனியே இறங்கக்கூடாது என்றும் அதில் சேர்த்தேன்.

மாணவிக்குச் சொன்னது வேறு. முந்தின இரவு பத்து மணிக்குள் படுத்துவிட வேண்டும். காலை மாத்திரையை வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். மாலைக்குள் திரும்பிவிடுவோம் என்று நம்பி இரவு மாத்திரையை வீட்டில் வைத்துவிட்டுப் போகக்கூடாது. திரும்பும் வண்டி பொன்னேரியிலோ மணலியிலோ லாரி நெரிசலில் நின்றுவிட்டால், எட்டு மணி மாத்திரையை அங்கேயே போட வேண்டியிருக்கும்.