அஞ்சு ரூபாய் ஏற்றுவதற்கு முன்னால் போட வேண்டிய கணக்கு

கோவையில் சில மெஸ்களுக்கும் சிறு உணவகங்களுக்கும் கணக்குப் பார்க்கிறேன். விலை ஏற்ற வேண்டிய நேரத்தில் அநேகமாக எல்லாக் கல்லாவுக்குப் பின்னாலும் ஒரே அட்டை தொங்கும். ‘விலைவாசி உயர்வு காரணமாகத் தவிர்க்க முடியாத சூழ்நிலையில் விலை சிறிது உயர்த்தப்பட்டுள்ளது. வாடிக்கையாளர்கள் ஒத்துழைப்பு தர வேண்டுகிறோம்.’ எவ்வளவு என்று இருக்காது, எந்த நாளிலிருந்து என்றும் இருக்காது. தினம் வந்து சாப்பிடுகிறவருக்கு அது பில்லில்தான் தெரியவரும். அவருடைய கோபம் ஐந்து ரூபாய்க்காக அல்ல, தன்னிடம் சொல்லாமல் வாங்கிவிட்டார்களே என்பதற்காக.

காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம், ஆனால் அது கணக்குக்கு நிற்க வேண்டும். ஒரு மெஸ்ஸில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு அக்கா நடத்துவது. மதியச் சாப்பாடு மட்டும்தான், ஒரு நாளைக்குச் சுமார் 150 சாப்பாடு, முழுச் சாப்பாடு 80 ரூபாய். பக்கத்துப் பட்டறைகளில் வேலை செய்கிறவர்கள் மாத டோக்கன் புத்தகம் வாங்கிச் சாப்பிடுவார்கள்.

2024 செப்டம்பர் 14 முதல் சமையல் எண்ணெய் இறக்குமதி வரியை மத்திய அரசு உயர்த்தியது. கச்சா பாமாயில், சூரியகாந்தி, சோயா எண்ணெய்களுக்கு அதுவரை இல்லாத அடிப்படைச் சுங்க வரி 20 சதவீதம் ஆனது. சுத்திகரித்த எண்ணெய்க்கு 12.5-லிருந்து 32.5 சதவீதம். சில வாரங்களில் அக்கா வாங்கும் எண்ணெய் லிட்டருக்கு 40 ரூபாய் ஏறிவிட்டது. ‘எண்ணெய் விலை ஏறிடுச்சு, அதனால சாப்பாடு அஞ்சு ரூபாய் கூட’ என்று எழுதிவிடலாம் என்றார். எல்லோரும் பத்திரிகையில் பார்த்த செய்திதான், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்பது அவர் எண்ணம்.

கேட்பார்கள். அவருடைய மெஸ்ஸில் பொரியல், அப்பளம், தாளிப்பு எல்லாம் சேர்த்து ஒரு சாப்பாட்டுக்கு 50 மில்லி எண்ணெய் போகிறது. லிட்டருக்கு 40 ரூபாய் ஏறினால் ஒரு சாப்பாட்டுக்கு 2 ரூபாய்தான். வீட்டில் மளிகைச் சீட்டு எழுதுகிற எவரும் இதை மனக்கணக்காகப் போட்டுவிடுவார். அப்புறம் மீதி மூன்று ரூபாய் எதற்கு என்பதுதான் பேச்சாக இருக்கும்.

அதனால் உட்கார்ந்து முழுக் கணக்கையும் போட்டோம். முன்பு ஒரு சாப்பாட்டுக்கு அடக்கம் 70 ரூபாய், கையில் நிற்பது 10. எண்ணெயில் 2 ரூபாய் ஏறியது. பருப்பு, புளி, மிளகாய் என்று மளிகையில் இன்னொரு 2. தீபாவளிக்கு நான்கு வேலையாட்களுக்கும் ஆளுக்கு 2,000 ரூபாய் சம்பளம் கூட்டுவதாக அக்கா சொல்லியிருந்தார். மாதம் 8,000 ரூபாய், மாதத்துக்குச் சுமார் 3,900 சாப்பாடு, ஆக அதில் ஒரு 2. மொத்தம் 6 ரூபாய் கூடி, அடக்கம் 76 ஆனது. 80 ரூபாய்க்கே போட்டால் கையில் நிற்பது 4 ரூபாய். அதிலிருந்து அக்காவின் சொந்த உழைப்புக்கும் கூலி வர வேண்டும்.

கேஸையும் காரணமாகச் சேர்க்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். 19 கிலோ வணிக சிலிண்டரின் விலை மாதா மாதம் முதல் தேதியில் மாறுகிறது. ஒரு மாதம் ஏறும், சில மாதம் இறங்கும். இறங்கக்கூடியதைக் காரணமாகச் சொன்னால், இறங்கும்போது பதில் சொல்ல வேண்டிவரும்.

90 ஆக்கிவிட்டால் ஆறு மாதத்துக்குக் கவலையில்லை என்ற யோசனையும் வந்தது. ஆனால் செலவு 6 ஏறியிருக்க 10 ஏற்றினால், மேலே உள்ள 4 ரூபாய்க்குச் சொல்லக் காரணம் இல்லை. 85 என்று முடிவானது. அட்டையில் எழுதியது இது:

‘நவம்பர் 4, திங்கள் முதல் முழுச் சாப்பாடு 85 ரூபாய். இப்போது 80 ரூபாய். எண்ணெய், மளிகை, சமையல் ஆட்களின் சம்பளம் மூன்றும் கூடியதில் ஒரு சாப்பாட்டுக்கு 6 ரூபாய் செலவு ஏறியிருக்கிறது. 5 ரூபாய் மட்டும் கூட்டுகிறோம். சாப்பாட்டின் அளவும் வகையும் மாறாது. கையில் இருக்கும் டோக்கன் தீரும்வரை செல்லும்.’

இதில் ‘சம்பளம்’ என்ற சொல்லை எடுத்துவிடச் சொன்னவர்கள் உண்டு. என் அனுபவத்தில் அதுதான் அதிகம் எடுபடும். சாப்பிட வருகிறவர்களும் சம்பளக்காரர்கள். பரிமாறும் தம்பிக்குக் கூட்டிக் கொடுத்தார்கள் என்றால் அதை யாரும் குறையாகச் சொல்வதில்லை.

அட்டை அக்டோபர் நடுவிலேயே தொங்கியது. மாதச் சம்பளக்காரர் அடுத்த மாதச் செலவை ஒதுக்குவதற்கு முன்னால் அவருக்குத் தெரிய வேண்டும். டோக்கன்காரர்களிடம் அக்கா கல்லாவில் இருந்தபடியே வாயால் சொன்னார். அட்டையைப் பார்த்துத் தெரிந்துகொள்வது வேறு, ‘தம்பி, அடுத்த மாசம் அஞ்சு ரூபாய் சேத்துறேனுங்க’ என்று கேட்பது வேறு. பரிமாறுகிறவர்களுக்கும் அதே மூன்று காரணங்களைச் சொல்லிக் கொடுத்தோம். ‘அதெல்லாம் ஓனரைக் கேளுங்க’ என்ற பதில் அத்தனை வேலையையும் கெடுத்துவிடும்.

பழைய டோக்கன் செல்லும் என்றால், பழைய விலைக்கு ஆளுக்கு மூன்று புத்தகம் வாங்கி வைத்துக்கொள்வார்களே என்ற பயம் நியாயமானது. ஆளுக்கு ஒரு புத்தகம் என்று வைத்தோம். புத்தகத்தில் 26 டோக்கன். ஒருவருக்கு 130 ரூபாய்தான் விட்டுக் கொடுக்கிறோம். முன்பணம் வாங்கிவிட்டுப் பாதியில் ‘இன்னும் அஞ்சு ரூபாய் கொடுங்க’ என்று கேட்பதால் போகும் பெயருக்கு இது மலிவு.

விலை ஏற்றினால் ஆள் குறையும் என்ற பயத்துக்கும் கணக்கு உண்டு. 76 ரூபாய் அடக்கத்தில் 25 ரூபாய் சம்பளம், வாடகை, கரண்ட். யார் வந்தாலும் வராவிட்டாலும் நாளுக்கு 3,750 ரூபாய் போய்விடும். மீதி 51 ரூபாய்தான் சாப்பாட்டோடு கூடுவதும் குறைவதும். 80 ரூபாயில் 150 சாப்பாடு விற்றால் நாளுக்கு 600 ரூபாய் மிஞ்சும். 85 ரூபாயில் 128 சாப்பாடு விற்றாலே அதே 600 வந்துவிடும். அதாவது தினம் 22 பேர் வரை குறைந்தாலும் ஏற்றாமல் விட்டதைவிட மோசமில்லை. முதல் வாரம் எண்ணிக்கை 140-க்குக் கீழே போனபோது அக்கா பதறாமல் இருந்ததற்கு இந்த 128 தெரிந்திருந்ததுதான் காரணம். அது தெரியாதவர்கள்தான் இரண்டாம் வாரமே பழைய விலைக்குத் திரும்புவார்கள், அல்லது ஒரு பொரியலைக் குறைத்துவிடுவார்கள். இரண்டாவது செய்வது ஆபத்து. விலை ஏறியதை மறந்துவிடுகிற ஆள், ரசம் தண்ணீரானதை மறப்பதில்லை.

மெஸ்ஸில் பாக்கெட் பொடியும் விற்றார்கள். அதற்கு விதி வேறு. அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலையின் மேல் கூடுதல் விலை ஸ்டிக்கர் ஒட்டக் கூடாது. குறைப்பதற்கு ஒட்டலாம், அப்போதும் பழைய விலை மறையக் கூடாது. அதனால் இருந்த பாக்கெட்டுகளைப் பழைய விலைக்கே விற்றுவிட்டு, அடுத்த அச்சில்தான் புது விலை போட்டார்கள்.

2025 மே கடைசியில் கச்சா எண்ணெய்களின் அடிப்படை வரி 20-லிருந்து 10 சதவீதம் ஆனது. எதிர்பார்த்தபடியே ஒருவர் கேட்டார், ‘ஏனுங்கக்கா, எண்ணெய் இறங்கிருச்சாமே?’ எண்ணெயை மட்டும் காரணம் சொல்லியிருந்தால் அஞ்சு ரூபாயையும் திருப்பிக் கேட்டிருப்பார். ‘இறங்குனா எண்ணெய்ல ஒரு ரூபாய் மிஞ்சுமுங்க. போன தடவை ஆறு ஏறுனதுல அஞ்சுதானுங்க கூட்டுனேன், அந்த ஒரு ரூபாய்க்கு இது சரியாப் போகும். சம்பளம் இறங்கலையேங்க’ என்றார் அக்கா. அவர் சிரித்துக்கொண்டே அடுத்த மாதப் புத்தகத்துக்குப் பணத்தை எடுத்து வைத்தார்.