கடைசி நாள் சரக்கும் லாபக் கணக்கும்

ஒரு சிறு கடையின் வருடக் கணக்கில் எழுதப்படும் எண்களுக்கெல்லாம் பின்னால் ஏதோ ஒரு தாள் இருக்கும். விற்பனைக்கு ரசீது, கொள்முதலுக்கு பில், வாடகைக்கும் மின்சாரத்துக்கும் கட்டிய சீட்டு. ஒரே ஒரு எண்ணுக்கு மட்டும் அப்படி எதுவும் கிடையாது. அதுதான் இறுதிச் சரக்கிருப்பு, அதாவது வருடத்தின் கடைசி நாளன்று விற்காமல் அலமாரியில் மிஞ்சியிருக்கும் பொருட்களின் மதிப்பு. அதைக் கடைக்காரரே எண்ணி, அவரே விலை போட்டு எழுதுகிறார். அந்த எண் கூடினால் லாபமும் அதே அளவு கூடும், குறைந்தால் அதே அளவு குறையும்.

காரணம் எளிமையானது. ஒரு வருடத்தில் வாங்கியதையெல்லாம் அந்த வருடத்தின் செலவாக எழுத முடியாது, விற்றுப் போனதற்கு மட்டும்தான் எழுத வேண்டும். ஆனால் சிறு கடையில் ஒவ்வொரு பொருள் விற்கும்போதும் அதன் கொள்முதல் விலையைத் தேடிக் குறித்து வைக்க யாருக்கும் நேரமிருக்காது. அதனால் பின்னாலிருந்து கணக்குப் போடுகிறார்கள். வருடத் தொடக்கத்தில் இருந்த சரக்கோடு புதிதாக வாங்கியதைக் கூட்டி, மிஞ்சியதைக் கழித்தால், கிடைப்பது விற்ற சரக்கின் அடக்கம். விற்பனையிலிருந்து அதைக் கழித்தால் மொத்த லாபம்.

ஒரு கடை டார்ச் லைட் மட்டும் விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். வருடத் தொடக்கத்தில் 100 டார்ச்சுகள் இருந்தன, ஒன்றின் அடக்கம் 50. பிறகு 200 டார்ச்சுகளை 55 வீதம் வாங்கினார்கள். இன்னும் சில மாதம் கழித்து 200 டார்ச்சுகளை 60 வீதம் வாங்கினார்கள். ஆக மொத்தம் 500 டார்ச்சுகள், அவற்றின் அடக்கம் 28,000. அதில் 380 டார்ச்சுகள் 80 வீதம் விற்றன, விற்பனை 30,400. மிஞ்சியது 120.

இந்த 120 டார்ச்சுகளின் அடக்கம் எவ்வளவு? எல்லாம் ஒரே மாதிரி டார்ச். எது 50-க்கு வந்தது, எது 60-க்கு வந்தது என்று பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் ஏதோ ஒரு அனுமானம் தேவைப்படுகிறது.

முதலில் வந்ததே முதலில் விற்றது என்று கொண்டால், மிஞ்சியவை கடைசியாக வந்தவை. 120-க்கும் 60 வீதம் 7,200. விற்ற சரக்கின் அடக்கம் 20,800, மொத்த லாபம் 9,600. கணக்கர்கள் ஃபிஃபோ என்று சொல்வது இதைத்தான்.

எல்லாம் ஒன்றாகக் கலந்துவிட்டது என்று கொண்டால், 28,000-ஐ 500-ஆல் வகுத்து ஒன்றுக்கு 56 என்று வைக்கலாம். இது எடையிட்ட சராசரி முறை. மிஞ்சியதன் மதிப்பு 6,720, மொத்த லாபம் 9,120. இங்கே 50, 55, 60 மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்து 55 என்று போட்டுவிடக் கூடாது. எத்தனை டார்ச்சுகள் எந்த விலையில் வந்தன என்பதும் சேர வேண்டும். பலர் வழுக்குவது இந்த இடத்தில்தான்.

மூன்றாவது, கடைசியாக வந்தது முதலில் விற்றது என்று கொள்ளும் லிஃபோ. அப்போது மிஞ்சியவை பழையவை: 50 வீதம் 100, 55 வீதம் 20. மதிப்பு 6,100, மொத்த லாபம் 8,500.

அதே கடை, அதே டார்ச், அதே வாடிக்கையாளர்கள். லாபம் மட்டும் 9,600, 9,120, 8,500 என்று மூன்று விதமாக வருகிறது. இதைப் பார்த்து, கணக்கு என்பதே ஏமாற்று என்று நினைத்துவிட வேண்டாம். பணத்தைப் பாருங்கள். எல்லாம் ரொக்கத்தில் நடந்தது என்றால் விற்பனையில் வந்தது 30,400, கொள்முதலுக்குப் போனது 23,000, கையில் நின்றது 7,400. எந்த முறையில் போட்டாலும் இது மாறாது. ஃபிஃபோவில் லாபம் 9,600 என்றால், மீதி 2,200 எங்கே? சரக்காக நிற்கிறது. 5,000 மதிப்பில் தொடங்கிய அலமாரி இப்போது 7,200-ஆக ஏறியிருக்கிறது. 'லாபம் வந்ததாகக் கணக்கு சொல்கிறது, பணத்தைக் காணோமே' என்று கடைக்காரர்கள் கேட்பதற்குப் பல சமயம் பதில் இதுதான்.

அடுத்த வருடத்தையும் பார்த்துவிட்டால் விஷயம் இன்னும் தெளிவாகும். இன்னொரு 300 டார்ச்சுகளை 60 வீதம் வாங்கி, பழைய 120-ஐயும் சேர்த்து 420-ஐயும் 80 வீதம் விற்று முடித்தார்கள் என்று வையுங்கள். விற்பனை 33,600, கடைசியில் சரக்கு எதுவும் இல்லை. இந்த வருட லாபம் ஃபிஃபோவில் 8,400, சராசரியில் 8,880, லிஃபோவில் 9,500. இரண்டு வருடங்களையும் கூட்டினால் மூன்று முறைகளிலும் 18,000. முன்பு அதிகம் காட்டிய முறை இப்போது குறைவாகக் காட்டுகிறது. ஒரு வருடத்தின் இறுதிச் சரக்கிருப்பே அடுத்த வருடத்தின் தொடக்கச் சரக்கிருப்பு என்பதால், இங்கே கூடியது அங்கே கழிந்தே தீரும். முறை மாறுவதால் வருடங்களையெல்லாம் கூட்டிய லாபம் மாறுவதில்லை, அதில் எவ்வளவு எந்த வருடத்தில் விழுகிறது என்பதுதான் மாறுகிறது. அதோடு அந்தந்த வருடத்து வரியும் மாறும்.

இதில் லிஃபோ பல நாடுகளில் செல்லாது. சரக்கிருப்புக்கான சர்வதேசக் கணக்கியல் தரநிலை 2, 2003-இல் திருத்தப்பட்டபோது அதை நீக்கிவிட்டது. அமெரிக்காவில் இன்னும் அனுமதி உண்டு. சிறு கடைக்கு என் தேர்வு எடையிட்ட சராசரிதான். விலை அடிக்கடி ஏறி இறங்கும் பொருட்களில் அது லாபத்தைத் துள்ள விடாது, கணக்கும் சுலபம். எதை எடுத்தாலும் வருடாவருடம் அதையே பிடித்திருக்க வேண்டும். ஒரு வருட முடிவில் சராசரியில் போட்டுவிட்டு அடுத்த வருட முடிவில் ஃபிஃபோவுக்குத் தாவினால், விலை ஏறும் காலத்தில் வியாபாரமே மாறாமல் லாபம் வீங்கித் தெரியும்.

சரி, அடக்கம் என்பதில் எதெல்லாம் சேரும்? பில் விலையோடு, சரக்கு கடைக்கு வந்து சேர ஆன வண்டிக்கூலி, திரும்பக் கிடைக்காத வரி ஆகியவை சேரும். விற்றவர் கொடுத்த தள்ளுபடி கழியும். கடை வாடகையும் விற்பனையாளர் சம்பளமும் சேராது. அவை அந்த வருடத்துச் செலவு.

அடக்கத்துக்குப் பதில் அட்டையில் ஒட்டியிருக்கும் விற்பனை விலையைப் போட்டுவிடுவதும் நடக்கிறது. நம் 120 டார்ச்சுகளை 80 வீதம் எழுதினால் 9,600. ஃபிஃபோ மதிப்பைவிட 2,400 கூடுதல். இன்னும் விற்காத பொருளின் லாபம் முன்கூட்டியே கணக்கில் ஏறிவிட்டது என்று அர்த்தம்.

ஆனால் நூற்றுக்கணக்கான சாமான்கள் உள்ள கடையில் ஒவ்வொன்றின் அடக்கத்தையும் தேடுவது கஷ்டம் என்பதும் உண்மை. அதற்குச் சில்லறை முறை என்று ஒன்று இருக்கிறது. விற்பனை விலையில் எண்ணிவிட்டு, அதற்குள் இருக்கும் லாபத்தின் பங்கைக் கழிப்பது. நம் கடையில் 500 டார்ச்சுகளின் அடக்கம் 28,000, விற்பனை விலையில் 40,000, விகிதம் 70 சதவீதம். மிஞ்சியதன் விற்பனை விலையான 9,600-இல் 70 சதவீதம் 6,720. சராசரி முறையில் வந்த அதே எண்! இது தற்செயல் அல்ல, இந்த முறையும் உள்ளுக்குள் ஒரு சராசரிதான். அதன் பலவீனமும் அங்கேதான் இருக்கிறது. லாபம் அதிகம் தரும் பொருட்களெல்லாம் விற்றுப் போய், குறைவாகத் தருபவை மட்டும் மிஞ்சியிருந்தால் கடை முழுவதற்குமான ஒரே விகிதம் பொய் சொல்லும். பொருட்களை லாப விகிதத்தின்படி இரண்டு மூன்று வகையாகப் பிரித்துப் போட்டால் இது பெரும்பாலும் சரியாகிவிடும்.

அடக்கம் கிடைத்த பிறகும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. அந்த விலைக்காவது பொருள் போகுமா? 120-இல் 30 டார்ச்சுகளின் பெட்டி தண்ணீரில் நனைந்துவிட்டது என்று கொள்வோம். புதுப் பெட்டிக்கு ஒன்றுக்கு 3 செலவழித்து, 45-க்குத்தான் விற்க முடியும். விற்றால் நிகரமாகத் தேறுவது 42. அடக்கம் 60. இரண்டில் எது குறைவோ அதைத்தான் எழுத வேண்டும். எனவே 30 டார்ச்சுகளில் தலா 18, மொத்தம் 540 குறைகிறது. ஃபிஃபோ மதிப்பு 6,660, லாபம் 9,060. நல்ல 90 டார்ச்சுகளில் லாபம் வரப்போகிறதே, அதை வைத்து இதை ஈடுகட்டிக்கொள்ளலாம் என்று வாதிடக் கூடாது. வரப்போகும் லாபம் விற்ற பிறகு வரட்டும், வந்துவிட்ட நஷ்டம் இப்போதே கணக்கில் ஏற வேண்டும். எண்ணும்போது அலமாரியின் பின்வரிசையையும் கீழ்த்தட்டையும் கையால் எடுத்துப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். தூசி படிந்தவற்றில்தான் இந்தத் தொகை ஒளிந்திருக்கும்.

ஆனால் லாபத்தை அதிகம் கெடுப்பது இந்த மதிப்பீடுகளைவிட, சரக்கும் பில்லும் வெவ்வேறு வருடத்தில் விழுவதுதான் என்று நினைக்கிறேன். கடைசி நாளன்று 20 டார்ச்சுகள் வந்து இறங்கின. எண்ணியபோது அவையும் 120-க்குள் சேர்ந்துவிட்டன. ஆனால் அவற்றுக்கான 1,200 பில் மேசை டிராயரிலேயே கிடந்து, அடுத்த வருடக் கணக்கில் எழுதப்பட்டது. பொருள் உண்டு, செலவு இல்லை. ஃபிஃபோவில் 9,600 வர வேண்டிய லாபம் 10,800 என்று வருகிறது. அடுத்த வருடம் 8,400 வர வேண்டியது 7,200 ஆகிறது.

இதைக் கண்டுபிடிக்க மொத்த லாபத்தை விற்பனையின் சதவீதமாகப் போட்டுப் பார்க்க வேண்டும். சரியான கணக்கில் முதல் வருடம் 31.6, இரண்டாம் வருடம் 25. கொள்முதல் விலை ஏறியும் விற்பனை விலையை உயர்த்தாததால் வந்த சரிவு அது, அதற்குக் காரணம் சொல்ல முடியும். தவறான கணக்கிலோ 35.5-இலிருந்து 21.4-க்கு விழுகிறது. விலையிலோ தள்ளுபடியிலோ காரணம் இல்லாமல் சதவீதம் ஒரு வருடம் எகிறி அடுத்த வருடம் அமுங்கினால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இடையில் உள்ள அந்த இறுதிச் சரக்கிருப்பை. தொடர்ந்து வருடாவருடம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தால் அது வேறு கதை. திருட்டு, உடைசல், பில் போடாமல் போன விற்பனை எல்லாம் எண்ணிக்கையில் குறைந்து, பெயரில்லாமல் விற்ற சரக்கின் அடக்கத்தில் கரைந்துவிடும்.

எண்ணும் நாளில் செய்ய வேண்டிய சின்ன வேலை ஒன்று உண்டு. எண்ணத் தொடங்கும் முன்பே, கடைசியாக உள்ளே வந்த சரக்கின் பில் எண்ணையும் கடைசி விற்பனை ரசீதின் எண்ணையும் எண்ணிக்கைத் தாளின் மேலே எழுதிவிட வேண்டும். எண்ணி முடியும் வரை வந்து இறங்கும் சரக்கைத் தனியாக ஒரு மூலையில் வைக்க வேண்டும். விற்றுப் பணமும் வாங்கி, வாடிக்கையாளர் எடுத்துப் போகாமல் விட்டுவைத்திருக்கும் பொருளையும் எண்ணாமல் அதே போல ஒதுக்கிவிட வேண்டும். பிறகு கணக்கு எழுதும்போது, அந்த பில் எண் வரைக்கும் உள்ளதெல்லாம் இந்த வருடக் கொள்முதலில் ஏறியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தால், டிராயரில் கிடக்கும் அந்த 1,200 வெளியே வந்துவிடும்.