பாகப்பிரிவினை வழக்கில் ஒரு வரிக்கு 90,000 ரூபாய்

பாகப்பிரிவினை வழக்குப் பிராதின் கடைசிப் பக்கங்களில் மதிப்பீட்டு விவரம் என்று ஒரு சின்னப் பகுதி இருக்கும். சொத்தின் மதிப்பு இவ்வளவு, வாதியின் பங்கு இவ்வளவு, இந்தப் பிரிவின் கீழ் இவ்வளவு கோர்ட் பீஸ் கட்டப்பட்டுள்ளது என்று நாலைந்து வரி. வழக்குப் போடுகிறவர் பெரும்பாலும் அதைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிடுவார். ஆனால் வழக்கின் ஆரம்பச் செலவு ஒரு சிறு தொகையா அல்லது லட்சத்தைத் தொடுமா என்பது அங்கேதான் முடிவாகிறது.

தமிழ்நாட்டில் இதற்கான சட்டம் 1955-ஆம் ஆண்டின் நீதிமன்றக் கட்டணங்கள் மற்றும் வழக்கு மதிப்பீட்டுச் சட்டம். பாகப்பிரிவினைக்கு அதில் 37-ஆம் பிரிவு. அது வாதிகளை இரண்டு வகையாகப் பிரிக்கிறது. சொத்தின் அனுபவத்திலிருந்து, அதாவது அதைக் கைவசம் வைத்திருக்கும் நிலையிலிருந்து, விலக்கப்பட்ட வாதி 37(1)-இன் கீழ் வருகிறார். அவர் தன் பங்கின் சந்தை மதிப்புக்கு ஏற்பக் கட்டணம் கட்ட வேண்டும். மற்ற பங்குதாரர்களோடு கூட்டு அனுபவத்தில் இருக்கிற வாதி 37(2)-இன் கீழ் வருகிறார். அவருக்குச் சட்டமே படிநிலைப்படி நிர்ணயித்த ஒரு தொகைதான். சொத்து கோடிக்கணக்கில் போனாலும் அந்தத் தொகை சதவீதக் கணக்கில் ஏறாது.

ஒரு குடும்பத்தை வைத்துக் கணக்குப் போடலாம். அப்பா உயில் எழுதாமல் இறந்துவிட்டார், அம்மா அதற்கு முன்பே போய்விட்டார். அப்பா சம்பாதித்த வீடும் நிலமும் சேர்த்து 90 லட்சம் ரூபாய் பெறும். இரண்டு மகன்கள், ஒரு மகள். மகளுக்கு மூன்றில் ஒரு பங்கு, அதாவது 30 லட்சம். அவர் திருமணமாகி வேறு ஊரில் இருக்கிறார். அண்ணன்கள் வீட்டில் இருக்கிறார்கள், நிலத்தையும் அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். பங்கு கேட்டால், பார்க்கலாம் என்கிறார்கள்.

மகள் 37(1)-இன் கீழ் வழக்குப் போட்டால் 30 லட்சத்துக்கு 3 சதவீதம், 90,000 ரூபாய். இது 2017-க்குப் பிறகான விகிதம். அதற்கு முன்பு 7.5 சதவீதமாக இருந்தது. அப்போதென்றால் இதே வழக்குக்கு 2,25,000 ரூபாய் ஆகியிருக்கும். கணக்கு வாதியின் பங்குக்கு மட்டும்தான், மொத்தச் சொத்துக்கு அல்ல. மொத்தத்துக்குக் கட்ட வேண்டுமோ என்று பயந்து வழக்கே வேண்டாம் என்று இருப்பவர்களும் உண்டு. 37(2)-இல் போட்டாலோ இந்த 90,000 என்ற கணக்கே எழாது.

சரி, வேறு ஊரில் இருக்கும் மகள், பத்து வருடமாக அந்த நிலத்தை மிதிக்காதவர், கூட்டு அனுபவத்தில் இருப்பதாக எப்படிச் சொல்ல முடியும்? பொய் இல்லையா என்று கேட்கத் தோன்றும். சட்டம் இதை வேறுவிதமாகப் பார்க்கிறது. கூட்டுச் சொத்தில் ஒரு பங்குதாரரின் அனுபவம், சட்டத்தின் கண்ணில் எல்லாப் பங்குதாரர்களின் அனுபவம். அண்ணன் வீட்டில் குடியிருந்தால் அவர் தங்கைக்காகவும் சேர்த்துத்தான் அங்கே இருக்கிறார் என்று கொள்ளப்படும். உனக்கு இதில் உரிமையே இல்லை என்று வெளிப்படையாக மறுத்து வெளியேற்றினால்தான் அந்த நிலை மாறும்.

இந்த 37-ஆம் பிரிவைப் பற்றியே உச்ச நீதிமன்றம் 1980-இல் நீலாவதி எதிர் நடராஜன் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அந்தப் பிராதில், கூட்டு அனுபவத்தில் இருக்கிறோம் என்றும், வருமானத்தில் எங்கள் பங்கைத் தரவில்லை, அதனால் இனிக் கூட்டாக இருக்க முடியவில்லை என்றும் எழுதியிருந்தது. வருமானம் தரவில்லை என்பதாலேயே விலக்கப்பட்டதாக ஆகாது என்றது உச்ச நீதிமன்றம். கட்டணத்தை முடிவு செய்யப் பிராதை முழுவதுமாகப் படிக்க வேண்டும், எதிர்வழக்குரையில் பிரதிவாதி சொல்வதை வைத்து வகையை மாற்றக் கூடாது என்பதும் அதிலிருந்து வருகிறது. நம் கதையில் மகள் 37(2)-இல் வழக்குப் போடலாம்.

ஆனால் கோபத்தில் எழுதிய ஒரு வரி இதைக் கெடுத்துவிடும். பிராதில் ஒரு பத்தியில் கூட்டு அனுபவம் என்று எழுதிவிட்டு, இரண்டு பத்தி தள்ளி, "எனக்குப் பங்கே இல்லை என்று சொல்லி 2008-லேயே என்னை வீட்டைவிட்டுத் துரத்திவிட்டார்கள்" என்று எழுதினால், முழுவதுமாகப் படிக்கிற நீதிமன்றம் விலக்கப்பட்டவர் என்று எடுத்துக்கொள்ளும். மீதிக் கட்டணத்தைக் கட்டு என்று கெடு கொடுக்கும். கெடுவுக்குள் கட்டாவிட்டால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 7-ஆம் கட்டளை, 11-ஆம் விதிப்படி பிராதே நிராகரிக்கப்படும்.

கட்டணம்கூடப் பரவாயில்லை, அந்த வரியில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. தன்னை வெளியேற்றி உரிமையை மறுத்தார்கள் என்று வாதியே ஒரு வருடத்தைக் குறிப்பிட்டுவிட்டால், அண்ணன்கள் எதிரிடை அனுபவம் என்ற வாதத்தை, அதாவது உன் உரிமையை மறுத்து நீண்ட காலம் நாங்களே வைத்திருந்ததால் சொத்து எங்களுக்கே என்ற வாதத்தை எடுப்பார்கள். அதற்கான காலம் 12 ஆண்டுகள். கூட்டுக் குடும்பச் சொத்திலிருந்து விலக்கப்பட்டவர் பங்கு கேட்கவும், விலக்கப்பட்டது தெரிந்த நாளிலிருந்து 12 ஆண்டுகள்தான் காலவரையறைச் சட்டம் தருகிறது. 2008-இல் துரத்தினார்கள் என்று 2024-இல் எழுதுகிறவர், கட்டணத்தையும் ஏற்றிக்கொண்டு, எதிரியின் தற்காப்பையும் தானே எழுதிக் கொடுக்கிறார். வழக்குக்கு முன் அனுப்பும் வக்கீல் நோட்டீஸையும் இதே கவனத்தோடுதான் எழுத வேண்டும். அது பின்னால் சான்றாக வந்து நிற்கும். உண்மையிலேயே துரத்தப்பட்டவர் அதை மறைத்து எழுதினால் குறுக்கு விசாரணையில் மாட்டிக்கொள்வார் என்பது வேறு விஷயம்.

அண்ணன்களில் ஒருவர் இதற்குள் ஒரு மனையைத் தனியாக விற்றிருந்தால்? மகள் அந்தக் கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர் அல்ல. அதை ரத்து செய் என்று கேட்டால் அந்தப் பரிகாரத்துக்குத் தனிக் கட்டணம், அதுவும் மதிப்பை ஒட்டி. பத்திரத்தை எழுதிக் கொடுத்தவர்தான் ரத்து கேட்க வேண்டும். அதில் சேராதவர், அது தன் பங்கைக் கட்டுப்படுத்தாது என்று நீதிமன்றம் அறிவிக்கும் விளம்புகை கேட்டால் போதும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் சுஹ்ரித் சிங் வழக்கில் விளக்கியது. தேவையில்லாமல் ரத்து என்ற சொல்லை எழுதி மாட்டிக்கொண்ட பிராதுகள் நிறைய.

மதிப்பைப் பற்றி ஒரு பயம் பரவலாக இருக்கிறது: பிராதில் குறைத்துக் காட்டினால் கடைசியில் குறைவாகத்தான் கிடைக்குமாம். அப்படி இல்லை. பிராது தாக்கலாகும் நாளின் மதிப்பு, கட்டணத்துக்காகவும் எந்த நீதிமன்றம் விசாரிக்கும் என்பதற்காகவும்தான். சொத்தை உண்மையில் பிரிப்பது, யாருக்கு எவ்வளவு பங்கு என்று சொல்லும் முதல்நிலைத் தீர்ப்பாணைக்குப் பிறகு, நீதிமன்றம் அனுப்பும் ஆணையர் போய் அளந்து தரும் அறிக்கையை வைத்து. வழக்கு பத்து வருடம் இழுத்து, விலை மூன்று மடங்கானாலும், அதற்காக மட்டும் கட்டணம் ஏறாது. அதற்காக 30 லட்சத்தை 8 லட்சம் என்று எழுதவும் முடியாது. அண்ணன்கள் ஆட்சேபித்தால் நீதிமன்றம் விசாரித்து மதிப்பை நிர்ணயிக்கும், அதற்கே பல மாதம் போகும்.

பங்கு கேட்கிற பிரதிவாதிக்கும் கட்டணம் உண்டு, வாதிக்கான கட்டணத்தில் பாதி. இன்னொரு அண்ணனும் தன் பங்கைத் தனியாகப் பிரித்துத் தரக் கேட்டால் எதிர்வழக்குரையிலேயே அதைக் கட்ட வேண்டும். மகள் தோற்று மேல்முறையீடு போனால் முதலில் கட்டிய அளவு மறுபடியும் கட்ட வேண்டும். 37(1)-இல் தொடங்கியவருக்கு அது இன்னொரு 90,000. ஜெயித்தாலும், சொத்தைப் பிரித்துத் தரும் இறுதித் தீர்ப்பாணை முத்திரைத் தாளில் எழுதப்பட்டால்தான் அதை நிறைவேற்ற முடியும், ஏனென்றால் முத்திரைச் சட்டத்தின்படி அதுவும் ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம்தான். முதல்நிலைத் தீர்ப்பை வாங்கியதும் வழக்கு முடிந்தது என்று வீட்டுக்குப் போனவர்கள் பல வருடம் கழித்து இதற்காகத்தான் திரும்பி வருகிறார்கள்.

நடுவில் சமரசமானால் கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும். நீதிமன்றம் அனுப்பிய மத்தியஸ்தத்தில் முடித்தவர்களுக்கு மட்டுமல்ல, தாங்களே உட்கார்ந்து பேசி முடித்தவர்களுக்கும் முழுக் கட்டணமும் திருப்பித் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021-இல், சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன ஒரு வழக்கில் சொல்லிவிட்டது. அதற்கு ஒரு மனு போட வேண்டும், கேட்காமல் யாரும் தர மாட்டார்கள்.