ஆளில்லாத சட்டைக்குள் தெரியும் கழுத்து

சுங்கை சிப்புட் கடைவீடு ஒன்றின் மாடியில், தீபாவளிக்கு விற்க வேண்டிய நீலப் பருத்திச் சட்டையைப் பொம்மைக்கு மாட்டிப் படம் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஆள் இல்லாமலே சட்டை உடுத்தியதுபோல் தெரிய, படத்திலிருந்து பொம்மையை அழித்துவிட்டால் கழுத்தில் வெறும் ஓட்டைதான் மிஞ்சும். அங்கே பின்காலரின் உட்புறமும் லேபலும் தெரிய வேண்டும். அதனால் இதற்கு எப்போதும் இரண்டு படங்கள் தேவை.

முதல் படத்திற்கு கேமரா மூன்றாவது பட்டனின் உயரத்தில், இரண்டரை மீட்டர் தள்ளி, ட்ரைபாடில் நிற்கட்டும். இரண்டாவது படம் முடியும்வரை அதை அசைக்கவே கூடாது. பிறகு பொம்மையை எடுத்துவிட்டு, அதே இடத்தில், அதே உயரத்தில் ஓர் அட்டையை நிறுத்துங்கள். சட்டையின் பின்பக்கத்தை அதில் ஊசியால் குத்தி, முன்பாகங்கள் இரண்டையும் விரித்துவிட்டால் காலரின் உட்புறம் கேமராவைப் பார்க்கும். அட்டையைக் கழுத்தின் வளைவுக்கு ஏற்ப லேசாக வளைத்துக்கொள்ள வேண்டும். தட்டையாக விட்டால் பின்காலர் நேர்கோடாகத் தெரியும். ஒட்டுப்போட்டது பார்த்தவுடனே புலப்பட்டுவிடும். கேமரா ஒரு சாண் உயர்ந்தாலும் கழுத்துக்குள் கூடுதல் ஆழம் தெரிந்து, முன்காலரோடு பொருந்தாமல் போகும்.

இங்கே அடிக்கடி கெடுவது வெளிச்சம். முதல் படத்தின்போது ஜன்னலில் வெயில் அடிக்கும். இரண்டாவதை எடுப்பதற்குள் மாலை மழை இருட்டிக்கொண்டு வந்துவிடும். அப்போது உடல் ஒரு நீலம், காலர் இன்னொரு நீலம். ஜன்னலைத் திரையால் மூடி, விளக்கு வெளிச்சத்தில் மட்டும் எடுப்பதே நல்லது. கேமராவின் வண்ணச் சமநிலையைத் தானியங்கியில் விடாதீர்கள்.

இரண்டு படங்களையும் இணைத்ததும் காலர் உட்புறம் அட்டையில் வரைந்ததுபோல் பளிச்சென்று நிற்கும். உண்மையான கழுத்துக்குள் முன்காலரின் நிழல் விழும். அதனால் படத்திருத்தச் செயலியின் `Multiply` அடுக்கில், மென்மையான தூரிகையால், முன்காலரின் ஓரத்தை ஒட்டி 20 முதல் 30 விழுக்காடு கருமை சேர்த்து, லேபல் பக்கம் போகப்போகக் குறைத்துவிடுங்கள்.

துணி விழும் விதம் பொம்மையின் முதுகில் தீர்மானமாகிறது. தொளதொளப்பைக் கிளிப்பால் பின்னால் இழுக்கலாம். ஆனால் பட்டனிலிருந்து பக்கவாட்டில் கோடுகள் ஓடினால் அதிகம் இழுத்துவிட்டீர்கள் என்று பொருள். அந்தப் படத்தை நம்பி வாங்குபவர் கைக்கு வரும் சட்டை அதைவிட அகலமாக இருக்கும். மார்பிலிருந்து கீழே இறங்கும் மெல்லிய மடிப்புகளை விட்டுவிடுங்கள். பருத்தி அப்படித்தான் விழும். கைகளுக்குள் டிஷ்யூ தாளைச் சுருட்டி வைத்தால் போதும்.

சமச்சீருக்குப் பட்டன் பட்டிதான் நடுக்கோடு. காலர் முனையிலிருந்து தோள் தையல் வரை இருபுறமும் நாடாவால் அளந்து பாருங்கள்; அரை சென்டிமீட்டர் வித்தியாசம்கூடப் படத்தில் கண்ணை உறுத்தும். அதைப் பொம்மையிலேயே சரிசெய்ய வேண்டும். நன்றாக வந்த பாதியைக் கண்ணாடிபோல் திருப்பி மறுபாதியில் ஒட்டும் குறுக்குவழி வேண்டவே வேண்டாம். ஆண்கள் சட்டையில் இடப்பாகம் மேலே வரும், பையும் இடப்பக்கமே இருக்கும். திருப்பி ஒட்டினால் பை இரண்டாகும், அல்லது காணாமலே போகும்.